படிக்குப் படி தரகு: முழுத்தொகையில் பெருக்கினால் என்ன நடக்கும்?

விற்பனைத் தரகு என்பது விற்ற தொகையில் ஒரு வீதத்தை விற்பவருக்குக் கொடுப்பது. பேச்சில் நாம் அதைக் 'கொமிஷன்' என்போம். வீதம் ஒன்றே ஒன்றாக இருந்தால் கணக்கு இலகுவானது. ரூபா 300,000 விற்றவருக்கு 2% என்றால் ரூபா 6,000. ஆனால் பல நிறுவனங்கள் கூடுதலாக விற்பவரை ஊக்குவிப்பதற்காக விற்பனையைப் படிகளாகப் பிரித்து, மேலே போகப் போக வீதத்தையும் கூட்டுகின்றன. படிகள் வந்தவுடன் ஒரு பிழையும் கூடவே வந்துவிடுகிறது. உயர்தர வணிகப் பிரிவில் கற்கும் நான் அந்த ஒரு பிழையைப் பற்றி மாத்திரமே இங்கு எழுதுகிறேன்.

கட்டுரை முழுவதற்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஒரு பிரதிநிதியின் மாத விற்பனைக்கான தரகு பின்வருமாறு:

முதல் ரூபா 200,000 வரை: 2%
அடுத்த ரூபா 300,000க்கு (அதாவது 500,000 வரை): 3%
ரூபா 500,000க்கு மேற்பட்ட பகுதிக்கு: 5%

ஒரு மாதத்தில் அவர் ரூபா 650,000 விற்றிருக்கிறார். தரகு எவ்வளவு?

பலரும் உடனே சொல்லும் விடை ரூபா 32,500. விற்பனை ஐந்து இலட்சத்தைத் தாண்டிவிட்டது, ஆகவே வீதம் 5%, ஆகவே 650,000 × 5%. இதில் பெருக்கல் சரி. பெருக்கப்பட்ட தொகைதான் பிழை. 5% என்ற வீதம் ஐந்து இலட்சத்திற்கு மேலுள்ள பகுதிக்கு மட்டும் உரியது. அதை அடியிலுள்ள ஐந்து இலட்சத்தின் மீதும் போட்டுவிட்டோம்.

மூன்று குடங்களை வரிசையாக வைத்து நீர் ஊற்றுவதாக நினைத்துப் பாருங்கள். முதற்குடம் இரண்டு இலட்சம் கொள்ளும். அது நிறைந்த பிறகே இரண்டாவது குடத்திற்குப் போகலாம். அது மூன்று இலட்சம் கொள்ளும். அதுவும் நிறைந்தால் மிச்சம் எல்லாம் மூன்றாவது குடத்தில். ஒவ்வொரு குடத்திற்கும் தனித்தனி விலை. மூன்றாவது குடத்தில் நீர் விழுந்துவிட்டது என்பதற்காக முதற்குடத்து நீரின் விலை மாறாது. எனவே,

முதல் 200,000 × 2% = 4,000
அடுத்த 300,000 × 3% = 9,000
மிகுதி 150,000 × 5% = 7,500
மொத்தம் = ரூபா 20,500

சரியான விடைக்கும் பிழையான விடைக்கும் இடையில் ரூபா 12,000 வித்தியாசம். இந்தப் பன்னிரண்டாயிரத்தை நினைவில் வைத்திருங்கள். பிறகு திரும்பவும் வரும்.

எல்லையில் நின்று பார்ப்பது

ஒரு தரகுக் கணக்கு எந்த முறையில் செய்யப்பட்டிருக்கிறது என்பதை அறிய நடுவிலுள்ள தொகைகளைப் பார்ப்பதைவிட படியின் எல்லையைப் பார்ப்பது நல்லது. ஒருவர் சரியாக ரூபா 500,000 விற்றார். இன்னொருவர் ரூபா 500,100 விற்றார் என்று வைப்போம். இருவருக்கும் இடையில் நூறு ரூபா விற்பனைதான் வேறுபாடு.

முழுத்தொகை முறையில் முதலாமவருக்கு 500,000 × 3% = ரூபா 15,000. இரண்டாமவருக்கு 500,100 × 5% = ரூபா 25,005. நூறு ரூபா பொருள் ஒன்றைக் கூடுதலாக விற்றதற்கு ரூபா 10,005 தரகு! எந்த முதலாளியும் அறிந்துகொண்டு இப்படி ஒரு பேரம் பேசமாட்டார்.

படிமுறையில் முதலாமவருக்கு 4,000 + 9,000 = ரூபா 13,000. இரண்டாமவருக்கு அதனுடன் நூறு ரூபாவின் 5%, அதாவது ஐந்து ரூபா சேர்ந்து ரூபா 13,005. நூறு ரூபா விற்பனைக்கு ஐந்து ரூபா தரகு. இதுதான் 5% என்பதன் பொருள்.

ஆகவே சோதனை இதுதான்: எல்லைக்குச் சற்றுக் கீழே ஒரு தொகை, சற்று மேலே ஒரு தொகை. இரண்டுக்கும் தரகைக் கணித்துப் பாருங்கள். படிமுறையில் தரகு மெதுவாக ஏறும். முழுத்தொகை முறையில் அது எல்லையில் ஒரே தாவாகத் தாவும்.

பிழை எப்போதும் ஒரே அளவு

முழுத்தொகையில் பெருக்கும்போது ஏற்படும் வித்தியாசம் விற்பனை கூடக் கூடக் கூடிக்கொண்டே போகும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். உண்மை அப்படியல்ல. ஒரே படிக்குள் நிற்கும் வரை அந்த வித்தியாசம் ஒரு ரூபாவும் மாறாது.

காரணம் எளிது. மூன்றாவது படியில் இருப்பவர் 6 இலட்சம் விற்றாலும் 9 இலட்சம் விற்றாலும், ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்ட பகுதிக்கு இரண்டு முறைகளிலும் 5% தான் கிடைக்கிறது. அங்கே வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அடியிலுள்ள இரண்டு குடங்களில் மட்டுமே. முதல் இரண்டு இலட்சத்திற்கு 2%க்குப் பதிலாக 5% கொடுத்ததால் 3% மிகை, அதாவது ரூபா 6,000. அடுத்த மூன்று இலட்சத்திற்கு 3%க்குப் பதிலாக 5% கொடுத்ததால் 2% மிகை, அதுவும் ரூபா 6,000. மொத்தம் ரூபா 12,000. அந்தக் குடங்கள் நிறைந்துவிட்டன. அவற்றின் அளவு இனி மாறாது. எனவே பிழையும் மாறாது.

இதேபோல் இரண்டாவது படியில் நிற்பவருக்கு முதல் இரண்டு இலட்சத்திற்கு 1% மிகையாகக் கிடைக்கும். அது எப்போதும் ரூபா 2,000. முதற்படியில் நிற்பவருக்கு வித்தியாசமே இல்லை.

இதனால் பிழையைக் கண்டுபிடிப்பதும் இலகுவாகிறது. பத்துப் பிரதிநிதிகளின் தரகைத் திரும்பக் கணித்து வித்தியாசங்களை ஒரு வரிசையில் எழுதிப் பாருங்கள். அங்கே 0, 2,000, 12,000 என்ற மூன்று எண்கள் மாத்திரமே திரும்பத் திரும்ப வந்தால் நடந்தது இந்தப் பிழைதான். எண்கள் வெவ்வேறாகச் சிதறியிருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

மாமாவின் கணக்கு

இது வெறும் பாடப்புத்தகக் கணக்கல்ல என்பதை எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றால் சொல்கிறேன். உம்மாவின் தம்பி, என் மாமா, பிஸ்கட் வகைகளைக் கடைகளுக்கு விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தில் விற்பனைப் பிரதிநிதி. அவருடைய தரகுத் திட்டம் மேலே நான் எழுதிய அதே திட்டம். அவரது மூன்று மாத விற்பனை இப்படி இருந்தது: ஏப்ரலில் ரூபா 480,000, மே மாதம் ரூபா 510,000, ஜூனில் ரூபா 650,000.

நிறுவனம் அவருக்குக் கொடுத்த தரகு முறையே ரூபா 14,400, ரூபா 25,500, ரூபா 32,500. ஜூலையில் புதிதாக வந்த கணக்காளர் இது முழுத்தொகையில் கணிக்கப்பட்டிருப்பதைக் கண்டார். ஜூலைச் சம்பளத்துடன் மாமாவுக்கு ஒரு கடிதம் வந்தது. மாதத்திற்கு ரூபா 12,000 வீதம் மூன்று மாதங்களில் மேலதிகமாகக் கொடுத்த ரூபா 36,000ஐயும் திருப்பி அறவிடப்போவதாக அதில் எழுதியிருந்தது. அந்த ஜூலையில் மாமா விற்றது ரூபா 540,000. படிமுறைப்படி அவருக்குரிய தரகு ரூபா 15,000 தான். அறவீட்டிற்கு அது போதாது. அடிப்படைச் சம்பளத்திலும் கைவைக்க வேண்டிவரும். மாமியோ பிள்ளைகளின் ரியூஷன் காசுக்கும் வீட்டு வாடகைக்கும் அந்தப் பணத்தைத்தான் கணக்குப் பண்ணி வைத்திருந்தா.

"மகள், நான் களவா எடுத்த காசா இது? அவங்க தந்ததத்தானே எடுத்தேன்" என்றார் மாமா.

முதலில் நாங்கள் அவருடைய நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்தோம். "ரூபா 500,000க்கு மேற்பட்ட பகுதிக்கு 5%" என்று அதில் தெளிவாக இருந்தது. 'பகுதிக்கு' என்ற அந்த ஒரு சொல் போதும். படிமுறைதான் உடன்பாடு, புதிய கணக்காளர் பிடித்த பிழை உண்மையான பிழை. அதை மாமாவும் ஏற்றுக்கொண்டார்.

அடுத்து ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனியாகக் கணித்தோம்.

ஏப்ரல் 480,000: 4,000 + (280,000 × 3%) 8,400 = 12,400. கொடுத்தது 14,400. மிகை 2,000.
மே 510,000: 4,000 + 9,000 + (10,000 × 5%) 500 = 13,500. கொடுத்தது 25,500. மிகை 12,000.
ஜூன் 650,000: 4,000 + 9,000 + 7,500 = 20,500. கொடுத்தது 32,500. மிகை 12,000.

கூட்டினால் மிகை ரூபா 26,000. கடிதம் கேட்டதோ ரூபா 36,000. மூன்று மாதங்களுக்கும் பன்னிரண்டாயிரம் என்று ஒரே எண்ணைப் போட்டுவிட்டார்கள். ஏப்ரலில் மாமா ஐந்து இலட்சத்தைத் தொடவே இல்லை. அந்த மாதத்திற்கு அவர் திருப்பிக் கொடுக்க வேண்டியது இரண்டாயிரம் மட்டும். பழைய பிழையைத் திருத்தப்போன இடத்தில் புதிதாகப் பத்தாயிரம் ரூபா பிழை.

மாமா இந்த மூன்று வரிகளையும் ஒரு தாளில் எழுதி, நியமனக் கடிதத்தின் பிரதியையும் இணைத்து, அறவிடும் தொகையை ரூபா 26,000 ஆகத் திருத்தும்படியும் அதை நான்கு மாதங்களில் பிரித்துக் கழிக்கும்படியும் கேட்டார். மாதம் ரூபா 6,500 என்று ஒத்துக்கொண்டார்கள். வாக்குவாதம் எதுவும் நடக்கவில்லை. மூன்று வரிக் கணக்கை யாராலும் மறுக்க முடியவில்லை.

ஏன் மூன்று மாதமாக யாருக்கும் தெரியவில்லை?

கணக்கீடு கற்கும் தோழிகளுக்கு ஒரு கேள்வி எழலாம். ஏட்டில் இவ்வளவு பிழை இருந்தும் பரீட்சை மீதி சமப்பட்டது எப்படி? விற்பனைத் தரகுக் கணக்கில் வரவு ரூபா 32,500; காசுக் கணக்கில் செலவு ரூபா 32,500. இரு பக்கமும் ஒரே பிழையான தொகைதான் பதியப்பட்டது. எனவே பரீட்சை மீதி அழகாகச் சமப்படும். தொகை எப்படிக் கணிக்கப்பட்டது என்று பரீட்சை மீதி கேட்பதில்லை. ஆனால் தரகு ஒரு விநியோகச் செலவு. அது கூடிக் காட்டப்படும்போது அந்த மாதங்களின் இலாபம் அதேயளவு குறைந்து காட்டப்படும்.

பிழை பெரும்பாலும் பிறப்பது கணினி விரிதாளில். எக்செலில் விற்பனைத் தொகை A2 என்ற கலத்தில் இருந்தால், முழுத்தொகை முறைச் சூத்திரம் இப்படி இருக்கும்:

```
=IF(A2>500000,A2*5%,IF(A2>200000,A2*3%,A2*2%))
```

வாசித்துப் பார்த்தால் திட்டத்தை அப்படியே எழுதியதுபோலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் பெருக்கப்படுவது A2 முழுவதும் என்பதைக் கவனியுங்கள். எந்த இடத்திலும் எதுவும் கழிக்கப்படவில்லை. படிமுறைச் சூத்திரத்தில் கழித்தல் கட்டாயம் இருக்கும்:

```
=A2*2%+MAX(0,A2-200000)*1%+MAX(0,A2-500000)*2%
```

இதன் கருத்து: எல்லா விற்பனைக்கும் முதலில் 2%. இரண்டு இலட்சத்திற்கு மேலுள்ளதற்கு இன்னும் 1% சேர்த்தால் அது 3% ஆகிறது. ஐந்து இலட்சத்திற்கு மேலுள்ளதற்கு மேலும் 2% சேர்த்தால் 5% ஆகிறது. எல்லையைத் தாண்டாதவருக்குக் கழித்தால் மறை எண் வரும். அதைப் பூச்சியமாக்குவதற்குத்தான் MAX. ரூபா 650,000ஐப் போட்டுப் பார்த்தால் 13,000 + 4,500 + 3,000 = 20,500. நாம் குடங்களால் பெற்ற அதே விடை.

திரும்பி வரும் பொருட்கள்

முழுத்தொகை முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாத முடிவில் ரூபா 490,000 விற்று நிற்கும் ஒரு பிரதிநிதியை நினைத்துப் பாருங்கள். இன்னும் பத்தாயிரத்துச் சொச்சம் விற்றால் தரகு பத்தாயிரத்திற்கு மேல் தாவும் என்றால், தேவையில்லாத கடைக்காரரிடமும் "இப்ப எடுங்க, பிறகு திருப்பித் தாங்க" என்று பொருளை இறக்கிவைக்கவே மனம் தூண்டும்.

அந்தப் பொருள் அடுத்த மாதம் திரும்பி வரும்போது நிலைமை தலைகீழாகும். ரூபா 510,000 விற்பனையில் ரூபா 15,000 பெறுமதியான பொருட்கள் திரும்பிவிட்டன என்போம். தேறிய விற்பனை ரூபா 495,000. முழுத்தொகை முறையில் தரகு 25,500இலிருந்து 14,850 ஆக விழும். பதினையாயிரம் ரூபாப் பொருள் திரும்பியதற்கு ரூபா 10,650 தரகு போய்விட்டது. படிமுறையில் அது 13,500இலிருந்து 12,850 ஆகும்; குறைவது ரூபா 650. விற்றபோது அந்தப் பகுதிக்குக் கிடைத்தது எவ்வளவோ அவ்வளவுதான் திரும்பிப் போகிறது.

முழுத்தொகைதான் சரியாக இருக்கும் இடம்

முழுத்தொகையில் கணிப்பது எல்லா இடத்திலும் பிழை என்று நான் சொல்லவில்லை. சில நிறுவனங்கள் இலக்கைத் தாண்டியவருக்கு "முழு விற்பனைக்கும்" கூடிய வீதம் தருவதாகவே உடன்படுகின்றன. அப்படி எழுதியிருந்தால் அதுதான் சரி. படிமுறையில் கணித்துக் குறைத்துக் கொடுப்பதே அங்கு பிழை. எனவே கணிப்பதற்கு முன் ஆவணத்தின் சொற்களைப் பார்க்க வேண்டும். 'அடுத்த', 'மேற்பட்ட பகுதிக்கு', 'மிகுதிக்கு' என்ற சொற்கள் படிமுறையைக் காட்டும். 'முழு விற்பனைக்கும்', 'மொத்தத் தொகைக்கும்' என்பவை முழுத்தொகையைக் காட்டும். "500,000ஐத் தாண்டினால் 5%" என்று மட்டும் எழுதியிருந்தால் அது இரண்டு பக்கமும் இழுபடும். அப்படியான கடிதத்தில் கையொப்பமிடுவதற்கு முன் ஒரு தொகையைச் சொல்லி, "இதற்கு எனக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டு விடையை எழுத்தில் வாங்குவது நல்லது.

வீட்டில் நாம் காணும் இரண்டு உதாரணங்கள் இந்த வேறுபாட்டைக் காட்டும். நம் நாட்டின் தனிநபர் வருமான வரி முற்றிலும் படிமுறை. 2025 ஏப்ரல் முதல் ஆண்டு வருமானத்தில் ரூபா 1,800,000 விடுபட்ட பின் வரும் முதல் ரூபா 1,000,000க்கு 6%, அடுத்த ரூபா 500,000க்கு 18% என்று வீதம் ஏறிச்செல்கிறது. 18% படியில் ஒரு ரூபா வைத்தவருக்கு அந்த ஒரு ரூபாவிற்குத்தான் 18 சதம். சம்பளம் சற்றுக் கூடினால் முழுச் சம்பளத்திற்கும் வரி தாவிவிடும் என்று பயப்படுபவர்கள் முழுத்தொகை முறையை மனதில் வைத்துக்கொண்டே பயப்படுகிறார்கள்.

வீட்டு மின்கட்டணம் இரண்டும் கலந்தது. மாதம் 60 அலகுகளுக்கு மேல் போகாத வீட்டிற்கு ஒரு விலைப்பட்டியல். அதைத் தாண்டிய வீட்டிற்கு வேறொரு பட்டியல். இரண்டாவதில் முதல் 60 அலகுகளுக்கே கூடிய விலை. அதனால்தான் 60ஆம் அலகிலிருந்து 61ஆம் அலகிற்குப் போகும்போது பட்டியல் திடீரெனத் தாவுகிறது. அதற்கு மேல் அலகுகள் படிப்படியாகக் கணிக்கப்படுகின்றன. மாதாந்த நிலையான கட்டணம் மட்டும் பாவனை இறுதியாக எந்தப் படியில் நிற்கிறதோ அதற்கேற்ப மாறும்.

செய்து பாருங்கள்

ஒரு புடைவைக் கடையின் தரகுத் திட்டம்: முதல் ரூபா 100,000க்கு 1%, அடுத்த ரூபா 200,000க்கு 2%, ரூபா 300,000க்கு மேற்பட்ட பகுதிக்கு 4%. ஓர் ஊழியர் ஒரு மாதத்தில் ரூபா 420,000 விற்றார். அவருக்கு ரூபா 16,800 கொடுக்கப்பட்டது. (அ) அவருக்கு உரியது எவ்வளவு? (ஆ) மிகை எவ்வளவு? (இ) அடுத்த மாதம் அவர் ரூபா 450,000 விற்று, அதே முறையிலேயே தரகு கொடுக்கப்பட்டால் மிகை எவ்வளவு?

விடைகள்: (அ) 1,000 + 4,000 + 4,800 = ரூபா 9,800. (ஆ) ரூபா 7,000. (இ) பெருக்கிப் பார்க்கத் தேவையில்லை. அவர் நிற்பது அதே படியில். மிகையும் அதே ரூபா 7,000.